ஆஞ்சியோகிராம் எப்படி எடுக்கிறார்கள், எதைக் காட்டுகிறது: ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஞ்சியோகிராம் எடுக்கும்போது திரையில் ஓடுவது, ரத்தக்குழாய்க்குள் நிரம்பிய சாயத்தின் நிழல். தமனியின் சுவர் அந்தப் படத்தில் தெரிவதில்லை. சுவருக்குள் படிந்திருக்கும் கொழுப்பும் தெரிவதில்லை. ரத்தம் ஓடும் வழி எவ்வளவு அகலம் என்பது மட்டுமே தெரிகிறது. இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால், பரிசோதனையின் ஒவ்வொரு படியும் ஏன் அப்படிச் செய்யப்படுகிறது, அறிக்கையில் வரும் "60 சதவீத அடைப்பு" என்ற வரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதெல்லாம் விளங்கிவிடும். இதயத் தமனிகளுக்கு மணிக்கட்டு வழியாகச் செய்யும் ஆஞ்சியோகிராமையே இங்கே விரிவாகப் பார்க்கிறேன். கால் தமனிகளுக்கு எங்கே வழி மாறுகிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

சாயம் ஏன் தேவைப்படுகிறது

எக்ஸ்ரே கதிர்களுக்கு ரத்தமும் தசையும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டையும் ஒரே அளவில் ஊடுருவிச் சென்றுவிடுவதால், சாதாரண எக்ஸ்ரேயில் இதயம் ஒரு சாம்பல் நிறப் பையாகத் தெரியுமே தவிர, அதன் மேல் ஓடும் தமனிகள் தெரியாது. அயோடின் கனமான தனிமம். கதிர்களை நன்றாகத் தடுக்கும். அயோடின் கலந்த தெளிவான திரவத்தைத் தமனிக்குள் செலுத்தினால், அது ஓடும் சில நொடிகளுக்கு அந்த வழி கருமையாகத் தெரிகிறது. அடுத்த சில துடிப்புகளில் ரத்தம் அதை அடித்துச் சென்றுவிடும். அதனால்தான் ஒற்றைப் படமாக எடுக்காமல், நொடிக்குப் பெரும்பாலும் 15 படங்கள் என்ற வேகத்தில் ஒரு குறும்படமாகப் பதிவு செய்கிறார்கள்.

சாயத்தைக் கை நரம்பில் ஊசியாகப் போட்டால் அது இதயத்தை அடைவதற்குள் உடல் முழுவதும் உள்ள ரத்தத்தில் கலந்து நீர்த்துப்போகும். இதயத் தமனியின் வாயிலேயே கொண்டுபோய் ஊற்றினால்தான் படம் கூர்மையாக வரும். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் பெருந்தமனியில் சாயம் செலுத்த முயன்றபோது, சாயத்தைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாயான வடிகுழாயின் நுனி தற்செயலாக வலது இதயத் தமனிக்குள் புகுந்துவிட்டது. ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் சாயம் நேராக அந்தத் தமனிக்குள் பாய்ந்தது. நோயாளியின் இதயம் சில நொடிகள் நின்று, அவர் இருமியதும் மீண்டும் துடித்தது. இதயத் தமனிக்குள் நேரடியாகச் சாயம் செலுத்துவது உயிரைப் பறிக்கும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அந்த விபத்துதான், குறைந்த அளவில் செலுத்தினால் இதயம் தாங்கும் என்பதைக் காட்டியது. இன்று ஒரு முறைக்கு இடது தமனிக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர், வலது தமனிக்கு 3 முதல் 5 மில்லிலிட்டர் போதும்.

முதல் படி: தமனிக்குள் நுழைவது

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் நாடி பார்க்கும் இடத்தில் ரேடியல் தமனி தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து, தோல் மரத்துப்போக ஊசி போடுவார்கள். முழு மயக்கம் தேவையில்லை. நோயாளி விழித்திருப்பதே நல்லது, ஏனென்றால் "மூச்சை நன்றாக இழுத்துப் பிடியுங்கள்", "இருமுங்கள்" என்று சொன்னால் அவர் செய்ய வேண்டியிருக்கும்.

பிறகு நடப்பது 1953-இல் சுவீடனைச் சேர்ந்த ஸ்வென் இவார் செல்டிங்கர் எழுதிவைத்த முறை. மெல்லிய ஊசி தமனியைத் துளைக்கிறது. ரத்தம் துடித்து வெளியே வந்தால் இடம் சரி. ஊசியின் உள்ளே மெல்லிய கம்பி செலுத்தப்படுகிறது. கம்பியை உள்ளே விட்டுவிட்டு ஊசியை உருவிவிடுகிறார்கள். அந்தக் கம்பியின் மேலேயே உறைக்குழாய் ஒன்றைக் கோத்துத் தமனிக்குள் தள்ளுகிறார்கள். அதன் பிறகு எத்தனை வடிகுழாய்களை மாற்றினாலும் எல்லாமே அந்த உறைக்குழாய் வழியாகவே போய்வரும். தமனியை மறுபடியும் குத்த வேண்டியதில்லை. பெரிய வெட்டு எதுவும் இல்லாமல் இவ்வளவு பெரிய வேலை நடப்பதற்கு இந்தக் கம்பிதான் காரணம்.

ரேடியல் தமனி 2 முதல் 3 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. தொந்தரவு செய்தால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் உறைக்குழாய் வழியாக உடனே தமனியைத் தளர்த்தும் மருந்தும், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரினும் கொடுப்பார்கள். மருந்து ஏறும்போது முன்கையில் சில நொடிகள் எரிவது இயல்பு. ஆனால் வடிகுழாய் நகரும்போது கை இறுக்கிப் பிடித்ததுபோல் வலித்தால் தமனி சுருங்குகிறது என்று பொருள். பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லிவிட வேண்டும்; இன்னும் கொஞ்சம் மருந்து கொடுத்து, சற்று நேரம் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாம் படி: இதயத்தின் வாசல் வரை

வடிகுழாய் என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள வளையும் குழாய். வழக்கமாக அதன் வெளி விட்டம் 2 மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. கம்பி முன்னே போக, குழாய் பின்னே போகும். முன்கை, மேல்கை, காறை எலும்பின் கீழ், பிறகு பெருந்தமனி என்று எக்ஸ்ரேயில் பார்த்தபடியே நகர்த்துவார்கள். இந்தப் பயணம் பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதே இல்லை.

இதயத் தமனிகள் இரண்டின் வாய்களும் பெருந்தமனியின் அடியில், வால்வுக்குச் சற்று மேலே இருக்கின்றன. வடிகுழாயின் நுனி ஏற்கெனவே வளைத்து வார்க்கப்பட்டிருக்கும். இடது வாய்க்கு ஒரு வளைவு, வலது வாய்க்கு வேறொரு வளைவு. 1960-களில் மெல்வின் ஜட்கின்ஸ் வடிவமைத்த வளைவுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. கம்பியை உருவியதும் நுனி தன் வடிவத்துக்குத் திரும்பி, மெல்லத் திருப்பினால் வாய்க்குள் அமர்ந்துவிடும்.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும், ஏனென்றால் முழுப் பரிசோதனையிலும் மிகவும் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். வடிகுழாயின் நுனியில் உள்ள ரத்த அழுத்தம் திரையில் ஓர் அலையாக ஓடிக்கொண்டே இருக்கும். நுனி வாயில் அமர்ந்தவுடன் அந்த அலை சட்டென்று தாழ்ந்தாலோ, அதன் கூர்மை மழுங்கினாலோ, ஏதோ சரியில்லை. குழாயே தமனியை அடைத்துக்கொண்டிருக்கலாம். நுனி சுவரில் முட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது தமனியின் வாயே நோயால் குறுகியிருக்கலாம். இந்த நிலையில் சாயத்தை அழுத்திச் செலுத்தினால் சுவர் கிழியலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அனுபவமுள்ளவர் படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த அலையைப் பார்ப்பார். அது சரியில்லை என்றால் நுனியைப் பின்னுக்கு இழுத்துவிடுவார். சிறிய காற்றுக் குமிழிகூட உள்ளே போகக் கூடாது என்பதால், ஒவ்வொரு முறை குழாயை இணைக்கும்போதும் ரத்தத்தைச் சற்றுப் பின்னிழுத்து வெளியேற்றுவதும் இதே கவனத்தின் பகுதி.

மூன்றாம் படி: நிழலைப் பிடிப்பது

இப்போது சாயம் செலுத்தப்படுகிறது. தமனியை முழுவதும் நிரப்பி, கொஞ்சம் வாய் வழியாகப் பெருந்தமனிக்குள் வழியும் அளவுக்குச் செலுத்த வேண்டும். குறைவாகச் செலுத்தினால் சாயமும் ரத்தமும் ஒன்றாகக் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடும். சாயம் இல்லாத பக்கம் திரையில் வெறுமையாகத் தெரிந்து, இல்லாத அடைப்பு இருப்பதுபோல் ஏமாற்றிவிடும்.

ஒரே கோணத்தில் எடுத்த படம் போதாது. குறுகல் எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பக்கச் சுவரிலிருந்து மட்டும் புடைத்திருந்தால், மிச்சமிருக்கும் வழி தட்டையான பிளவாக இருக்கும். அகலமான பக்கத்திலிருந்து பார்த்தால் தமனி நன்றாகவே தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் நூலாக மெலிந்திருப்பது தெரியவரும். அதனால் ஒவ்வொரு பகுதியையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோணங்களிலாவது பார்க்க வேண்டும். எக்ஸ்ரே கருவி நோயாளியைச் சுற்றித் திரும்புவது இதற்காகத்தான். இதயத்தின் முன்புறம் இறங்கும் இடது தமனியை விரித்துக் காண கருவியைத் தலைப் பக்கம் சாய்ப்பார்கள். இதயத்தைச் சுற்றிப் பின்னே போகும் கிளைக்குக் கால் பக்கம் சாய்ப்பார்கள். இல்லாவிட்டால் கிளைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, பிரியும் இடத்தில் உள்ள குறுகலை மறைத்துவிடும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதும் இதையொட்டியே: உதரவிதானம் கீழே இறங்கினால் அதன் நிழல் இதயத்தின் மேல் விழாது.

சாதாரணமாக மொத்தம் ஏழெட்டுக் காட்சிகள் எடுப்பார்கள். வடிகுழாயின் நுனிக்கு அருகில் குறுகல் தெரிந்தால், அது குழாய் உரசியதால் வந்த தற்காலிகச் சுருக்கமா என்று பார்க்க, தமனியைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் கொடுத்து மறுபடியும் எடுக்க வேண்டும். சுருக்கமாக இருந்தால் மறைந்துவிடும். நோயாக இருந்தால் அப்படியே இருக்கும். இந்தச் சின்னப் படியைத் தவறவிட்டால் ஆரோக்கியமான இடத்தில் ஸ்டென்ட் வைக்கும் நிலை வரலாம்.

சதவீதம் என்பது எதில் சதவீதம்

அறிக்கையில் வரும் எண், தமனியின் விட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. பக்கத்தில் நன்றாக உள்ள பகுதி 3 மில்லிமீட்டர், குறுகிய இடம் 1.5 மில்லிமீட்டர் என்றால் 50 சதவீதம். ஆனால் ரத்தம் ஓடும் பரப்பு விட்டத்தின் இருமடிப்படி குறைவதால், 50 சதவீத விட்டக் குறுகல் என்பது பரப்பில் 75 சதவீத இழப்பு. 70 சதவீதம் என்பது 91 சதவீத இழப்பு. ஓய்வாக இருக்கும்போது இதயம் இவ்வளவு இழப்பையும் சமாளித்துவிடும். மாடி ஏறும்போது தசைக்குப் பல மடங்கு ரத்தம் வேண்டும். அப்போதுதான் பற்றாக்குறை நெஞ்சு இறுக்கமாகத் தெரியவருகிறது.

பொதுவாக 70 சதவீதத்துக்கு மேற்பட்ட குறுகலைக் கடுமையானது என்பார்கள். இடதுபுறத் தாய்த் தமனிக்கு மட்டும் 50 சதவீதமே எல்லை, ஏனென்றால் இதயத் தசையின் பெரும்பகுதி அதை நம்பி இருக்கிறது. 40 முதல் 70 வரை உள்ள இடைநிலைதான் சிக்கல். அங்கே கண்ணால் சொல்லும் எண் மருத்துவருக்கு மருத்துவர் மாறும். ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட "நல்ல" பகுதியே நோயால் மெலிந்திருந்தால் சதவீதம் குறைவாகவே வரும்; சர்க்கரை நோயாளிகளின் தமனிகள் நீளவாக்கில் முழுவதும் மெலிந்திருக்கும்போது இது அடிக்கடி நடக்கிறது. இன்னொரு பக்கம், கொழுப்பு படியத் தொடங்கும் காலத்தில் தமனி வெளிப்புறமாக விரிந்து உள்வழியைக் காப்பாற்றிக்கொள்ளும். சுவரில் நிறைய நோய் இருந்தும் படம் சுத்தமாகத் தெரியலாம். அப்படிப்பட்ட ஒரு படிவு வெடித்து மாரடைப்பு வருவதும் உண்டு. ஆகவே "ஆஞ்சியோ நார்மல்" என்ற அறிக்கை, கொழுப்புக்கான மாத்திரையையோ புகையை நிறுத்துவதையோ தள்ளிப்போடும் அனுமதி ஆகாது.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம்

58 வயதான ஒருவர். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் சில நிமிடங்களில் விடுகிறது. ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருக்கிறது. ஆஞ்சியோகிராமில் இரண்டு இடங்களில் குறுகல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்புறம் இறங்கும் இடது தமனியின் நடுப்பகுதி 3 மில்லிமீட்டரிலிருந்து 1.3 ஆகக் குறைந்திருக்கிறது: 57 சதவீதம். வலது தமனியின் கீழ்க்கோடியில் ஒரு கிளை 2.2 மில்லிமீட்டரிலிருந்து 0.9 ஆகக் குறைந்திருக்கிறது: 59 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் சற்று மோசம். இரண்டுக்கும் ஸ்டென்ட் வைப்பதா, ஒன்றுக்கா, எதற்குமே வேண்டாமா என்பதை நிழலால் மட்டும் சொல்ல முடியாது.

இங்கே அழுத்தக் கம்பி உதவுகிறது. நுனிக்கு அருகில் அழுத்தமானி பொருத்திய, தலைமுடியைப் போன்ற மெல்லிய கம்பி அது. முதலில் அதை வடிகுழாயின் வாயிலேயே நிறுத்தி, இரண்டு அழுத்தங்களும் ஒன்றாகக் காட்டுகின்றனவா என்று சரிபார்ப்பார்கள். பிறகு குறுகலைத் தாண்டி அனுப்பி, அடினோசின் மருந்தைச் செலுத்துவார்கள். இதயத்தின் சிறு குழாய்கள் எல்லாம் விரிந்து, மாடி ஏறும் நிலையைப்போல ரத்த ஓட்டம் உச்சத்துக்குப் போகும். அந்த ஓரிரு நிமிடம் நெஞ்சு கனப்பதும் மூச்சு முட்டுவதும் மருந்தின் விளைவு; நிறுத்தியதும் போய்விடும்.

நம் நோயாளிக்கு இடது தமனியில், குறுகலுக்கு முன்னால் சராசரி அழுத்தம் 92, தாண்டிய பின் 68. வகுத்தால் 0.74. குறுகல் ஓட்டத்தில் கால்பங்குக்கு மேல் பறித்துக்கொள்கிறது. 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் தசைக்குப் பற்றாக்குறை என்று கொள்வார்கள். வலது கிளையில் முன்னால் 92, பின்னால் 81, விகிதம் 0.88. அந்தக் கிளை ஊட்டும் தசை கொஞ்சம்தான், அதற்கு வேண்டிய ரத்தம் அந்தக் குறுகல் வழியாகவே தாராளமாகப் போய்விடுகிறது. முன்புறத் தமனியோ இதயத்தின் பெரிய பரப்பைச் சுமக்கிறது. கடைசியாகக் கம்பியை மெல்லப் பின்னிழுத்து, அழுத்தம் எந்த இடத்தில் தாவி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். ஒரே இடத்தில் தாவினால் ஸ்டென்ட் பலன் தரும். வழி நெடுகச் சிறிது சிறிதாக ஏறினால் தமனி முழுவதும் நோய். ஒரு ஸ்டென்ட் அதைத் தீர்க்காது. இவருக்கு ஒரே இடத்தில் தாவியது. மருந்துக்கு அடங்காத வலி இருப்பதால் இடது தமனிக்கு ஸ்டென்ட், வலது கிளைக்கு மருந்து மட்டும் என்பது நியாயமான முடிவு. இடைநிலைக் குறுகல் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டால், அவசர மாரடைப்பு இல்லாத வேளையில், "அழுத்தக் கம்பியால் அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்பதைக் கூச்சப்படாமல் செய்யலாம்.

கால் தமனிகளில் என்ன மாறுகிறது

நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விடும் நோயாளிக்குப் பெரும்பாலும் மறுபக்கக் கவட்டைத் தமனி வழியாக நுழைவார்கள். வடிகுழாய் மேலேறி, பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தைக் கடந்து, நோயுள்ள காலுக்குள் இறங்கும். இதயம்போல் கால் துடிப்பதில்லை என்பதால் இங்கே ஒரு வசதி இருக்கிறது: சாயத்துக்கு முன் ஒரு படம் எடுத்து, சாயம் ஓடும் படத்திலிருந்து அதைக் கணினி கழித்துவிடும். எலும்பு மறைந்து தமனி மட்டும் மிஞ்சும். கால் சற்று அசைந்தாலும் கழித்தல் பொருந்தாமல் போய்ப் படம் கெட்டுவிடும். சாயம் போகும்போது கால் முழுவதும் சூடு பரவும். அந்த நேரத்தில் அசையாமல் இருப்பதுதான் நோயாளியின் வேலை.

கால் படத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகள் இல்லவே இல்லை என்று எழுதிவிடுவது. மேலே அடைப்பு இருக்கும்போது சாயம் பக்கக் குழாய்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு தாமதமாக வரும். படப்பதிவைச் சீக்கிரம் நிறுத்தினால் அது வந்து சேர்வதற்குள் காட்சி முடிந்துவிடும். விரல் இழக்கும் நிலையில் இருப்பவருக்கு, பாதம் வரை திறந்திருக்கும் ஒரு தமனியே காலைக் காப்பாற்றும் வழியாக அமையும். அதனால் வடிகுழாயை இன்னும் கீழே இறக்கி, அருகிலிருந்து சாயம் செலுத்தி, பதிவை நீட்டிப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் காலுக்கு அயோடினுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்த முடியும். இதயத்துக்கும் மூளைக்கும் அது கூடவே கூடாது.

முன்னும் பின்னும்

பரிசோதனைக்கு முன் சொல்லியாக வேண்டியவை மூன்று: சிறுநீரக நோய், முன்பு சாயத்தால் வந்த ஒவ்வாமை, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகள். மீனோ இறாலோ ஒத்துக்கொள்ளாது என்பதற்கும் அயோடின் சாயத்துக்கும் சிறப்பான தொடர்பு இல்லை. அந்த ஒவ்வாமை மீன் புரதத்தால் வருவது. முன்பு சாயத்துக்கே தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் பல மணி நேரத்துக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுக்கத் தொடங்குவார்கள். சர்க்கரை நோய்க்கு எடுக்கும் மெட்ஃபார்மினை எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீரகம் மிகவும் குறைந்து இயங்கினால் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனை பார்த்துத் தொடங்கச் சொல்வார்கள். ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தவே கூடாது.

முடிந்ததும் மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை கட்டி, சில மணி நேரத்தில் காற்றைச் சிறிது சிறிதாக விடுவார்கள். வீட்டில் ரத்தம் கசிந்தால் துளையின் மேல் விரலால் விடாமல் அழுத்திக்கொண்டு உதவிக்கு அழைக்க வேண்டும். முன்கை வீங்கிக் கல்லாக இறுகினாலோ, விரல்கள் குளிர்ந்து மரத்தாலோ தாமதிக்கக் கூடாது. கவட்டை வழியாகச் செய்தவர்கள் பல மணி நேரம் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். அவர்களுக்கு இடுப்பிலோ முதுகிலோ புதிதாக வலி வந்து, வியர்த்துத் தலை சுற்றினால், வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாவிட்டாலும் உள்ளே வயிற்றின் பின்புறம் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். அது அவசரநிலை. முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, மறுபடியும் நெஞ்சு வலிப்பது ஆகியவையும் அப்படியே. இத்தகைய பெரிய சிக்கல்கள் திட்டமிட்டுச் செய்யும் பரிசோதனைகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகின்றன. சிறுநீரகம் பலவீனமானவர்கள் இரண்டு மூன்று நாட்களில் சிறுநீரகத்தின் இயக்கத்தைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அறிக்கைத் தாளோடு படப்பதிவையும் கேட்டு வாங்குங்கள். தாளில் இருப்பது ஒருவர் ஒரு நாளில் கண்ணால் மதிப்பிட்ட எண்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தோ, ஒருநாள் பைபாஸ் ஆலோசனையோ தேவைப்பட்டால், எந்தக் கோணத்தில் எது தெரிந்தது என்று அவர் ஓடும் படத்தைப் பார்த்தே சொல்ல முடியும்.